இரண்டு நிமிட ஆசீர்வாதம்

நிகழ்ச்சிகளுக்கு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுப்பது என் வேலை. வயதான ஒரு சமயப் பெரியவரால் திருமணத்துக்கு நேரில் வர முடியாது, அவருடைய ஆசியை வீடியோவாக எடுத்துத் தர வேண்டும், இரண்டு நிமிடம் போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். ஒரு மாலை வேலை என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

220 சொற்களில் எழுதினேன். வீட்டில் சத்தமாக வாசித்துப் பார்த்தபோது சரியாக இரண்டு நிமிடம் வந்தது. "இல்லறம் என்னும் நல்லறத்தில் இணையும் இந்த இனிய நன்னாளில்" என்று தொடக்கம். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நான்கு நிமிடத்தை நெருங்கிவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார். நீண்ட வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தானே வருகிறது, அங்கே போய்ச் சேர்வதற்குள் குரல் இறங்கிவிட்டது. வாசித்து முடித்து, தாளை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது பத்திரிகை அடிக்கிற பேச்சு. நான் இப்படிப் பேசுறதில்லையே."

அவர் பேசும் வேகத்தை நான் அளக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. என் வாயால் வாசித்து நேரம் பார்த்திருக்கிறேன். அவர் நிமிடத்துக்கு அறுபது சொல்லைத் தாண்டவில்லை. அப்படியானால் இரண்டு நிமிடத்துக்கு 120 சொல். அதிலும் அவர் நிறுத்துகிற இடங்களைக் கழித்தால் நூறு சொல்லுக்குள் முடிந்தாக வேண்டும்.

பேச வேண்டியதைக் கேமரா முன்னால் எழுத்தாகக் காட்டும் டெலிப்ராம்ப்டர் வைத்தால் குனிந்து வாசிக்க வேண்டியதில்லையே என்று கேமராக்காரர் யோசனை சொன்னார். வைத்துப் பார்த்தோம். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில்தான் அவருக்கு வாசிக்கும் பவர். எழுத்தைத் தேடித் தேடி மோவாயைத் தூக்கினார். திரையில் பார்த்தால் ஆசீர்வதிக்கிற முகமாக இல்லை, யாரையோ விசாரிக்கிற முகமாக இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் நின்றது, அவரும் இரண்டிரண்டு சொல்லாகவே பேசினார். அன்றைக்கு அதோடு மூட்டை கட்டிவிட்டோம்.

வாசிக்க வைக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு அடுத்த நாள் கேமரா இல்லாமல் போனேன். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, "மாப்பிள்ளையை உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் ஐயா?" என்று மட்டும் கேட்டேன். பத்து நிமிடம் பேசினார். பிரார்த்தனை நடக்கும்போதெல்லாம் அந்தப் பையன் அவர் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடுவானாம், முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து உட்காருவானாம். இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருந்தது. ஸ்கிரிப்ட் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கியபோதுதான் ஒரு சிக்கல் கண்ணில் பட்டது. பத்து நிமிடத்தில் மணப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை, என்ன செய்வார்? இப்படிப்பட்ட வீடியோக்களில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆசி இருவருக்கும் என்று பெயர், ஆனால் முக்கால் பங்கு தெரிந்தவருக்குப் போய்விடும், மற்றவருக்கு "நற்குணவதி" மாதிரி ஒரு அடைமொழி மிஞ்சும். பெண் வீட்டார் அதைக் கவனிப்பார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் பெரியவரையும் மணப்பெண்ணையும் போனில் பேச வைத்தேன். "உனக்காக என்னம்மா வேண்டிக்கணும்?" என்று அவர் கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். அப்புறம், "எனக்குக் கோபம் சட்டுனு வரும் ஐயா, அதுக்கும் சேர்த்து வேண்டிக்கோங்க" என்றாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். அதை வீடியோவில் சொல்லலாமா என்று நான் தனியாகக் கேட்டு, அவள் சரி என்ற பிறகே எழுதினேன்.

தனியாகப் பேசும்போது இன்னொன்றும் கேட்பது என் வழக்கம்: "ஆசியில் எது வேண்டாம்?" குழந்தைப்பேறு பற்றிய வரி வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. பெரியவரிடம் போய், "அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாம் ஐயா" என்றேன். அவரும் காரணம் கேட்கவில்லை.

கடைசியில் நின்ற ஸ்கிரிப்டின் முக்கியப் பகுதி இது:

"எல்லாருக்கும் வணக்கம். உடம்பு ஒத்துழைக்கல, அதனால இங்கிருந்தே பேசுறேன். தம்பி, சின்ன வயசுல பிரார்த்தனை நேரத்துல என் மடியில தூங்குவே. முடிஞ்சதும் முதல்ல எழுந்துக்குவே. இனிமே வீட்டுல ஒருத்தர் பேசும்போது தூங்கிடாதே. அம்மா, உனக்குக் கோபம் வரும்னு நீயே சொன்னே. வரட்டும். கோபத்துல பேசின வார்த்தையை மறுநாள் எடுத்து வச்சுக்கிட்டு உட்காராதீங்க, ரெண்டு பேருமே."

இதற்குப் பிறகு பெயர் சொல்லி ஆசி. பெயர்களை முதல் வாக்கியத்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு. மண்டபத்தில் திரை ஒளிர்ந்த பிறகுதான் ஆட்கள் திரும்புவார்கள், பேச்சை நிறுத்துவார்கள். முதல் ஐந்தாறு விநாடி யார் காதிலும் விழாது. அங்கே வணக்கம் போனால் பரவாயில்லை, பெண்ணின் பெயர் போனால் போனதுதான். "இன்று காலை", "இதோ என் முன்னே" போன்றவற்றையும் எடுத்துவிட்டேன். நாங்கள் பதிவு செய்தது ஒன்பது நாள் முன்னால். சடங்குக்கு முன்பு போடுவார்களா பின்பு போடுவார்களா என்பது அவர்களுக்கே அப்போது முடிவாகவில்லை.

பதிவின்போது ஸ்கிரிப்டை அவர் கையில் கொடுக்கவில்லை. லென்ஸுக்குச் சற்று மேலே மணமக்களின் படத்தை ஒட்டினோம். நான் லென்ஸுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டு "மடியில் தூங்கியது", "கோபம்", "பெயர்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்துப் பேசினார். நான் எழுதிய வரிசை அப்படியே வரவில்லை, சில வரி மாறியது, அதில் ஒன்றிரண்டு என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

ஆசி சொல்கிற இடத்தில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாக அவனுடைய அண்ணன் பெயர் வந்துவிட்டது. அண்ணன் திருமணத்துக்கும் இவர்தான் ஆசி வழங்கியிருக்கிறார், நாக்கு பழகிய பாதையில் போய்விட்டது. இதற்காகவே பதிவு முடிந்ததும் இரண்டு பெயர்களையும் மூன்று முறை தனியாகச் சொல்ல வைத்து எடுத்துவைப்பேன். அந்த இடத்தில் சரியான பெயரைச் சேர்த்து, மேலே மணமக்களின் படத்தைக் காட்டி, ஒட்டுப் போட்ட இடத்தை மறைத்தோம். அவரிடம் தவறைச் சொல்லி முழுவதும் மறுபடி பேசச் சொல்லியிருந்தால் முதல் தடவை வந்த குரல் திரும்பி வந்திருக்காது.

எடிட்டரோடு ஒரே ஒரு சண்டை. கடைசிச் சொல்லுக்குப் பிறகு பெரியவர் வலது கையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். "ஒன்றுமே நடக்கவில்லையே சார்" என்று எடிட்டர் அதை ஒரு விநாடியாகச் சுருக்கிவிட்டார். அந்த நேரத்தில்தான் மணமக்கள் கைகூப்பித் தலைகுனிவார்கள், அதற்கு இடம் வேண்டும் என்று சொல்லித் திரும்பப் போட வைத்தேன். ஆறு விநாடி கிடைத்தது. ஏழாவதில் அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்கிறார். அதற்குச் சற்று முன்னால் வெட்டினேன்.