‘பேய்’ என்றால் கொடு

நேற்று ஒரே ஒரு கான்டனீஸ் வரியை எழுத்து மாண்டரினுக்கு மாற்ற அரை மணிநேரம் ஆனது. ‘கோய் பேய் சோ புன் ஷூ ங்ஙோ ஜே.’ அவன் கொடுத்தான், புத்தகம், எனக்கு, அவ்வளவுதான். (பேய்க்கும் நம்ம பேய்க்கும் சம்பந்தமில்லை.)

சொற்களை மாற்றுவது சுலபம்: ‘அவன்’ என்ற கோய் மாண்டரினில் ‘தா’ ஆகும், ‘கொடு’ என்ற பேய் ‘கெய்’ ஆகும். வரிசையும் மாற வேண்டும். கான்டனீஸில் பொருள் முதலில், பெறுபவர் பிறகு. மாண்டரினில் ‘எனக்கு’ முன்னால் வரும்.

தலைவலி ‘புன் ஷூ’வில். கான்டனீஸில் இது ‘ஒரு புத்தகம்’ என்றும் ‘அந்தப் புத்தகம்’ என்றும் பொருள்படும். மாண்டரினில் இந்த இடத்தில் ‘பென் ஷூ’ என்று மட்டும் எழுதினால் ‘ஒரு’ என்றே ஆகிவிடும். முந்தைய வரியில் அதே புத்தகத்தைப் பற்றிப் பேசியிருந்தார்கள். அப்புறம் ‘நா பென் ஷூ’, அதாவது ‘அந்த’ என்று எழுதினேன்.

கடைசி ‘ஜே’ விஷயத்தைச் சின்னதாக்கும் அசை. அதை விட்டால் தகவல் மிஞ்சும், அலட்சியம் போய்விடும். ‘ஆர்யி’ போட்டேன். பொருள் சரி, ஆனால் கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டது போலத்தான் இருக்கிறது.