விழுந்த கல்லுக்கு இரண்டு எண்கள்

கம்போடியாவின் அங்கோர் பகுதியில் உள்ள தா புரோம் கோயிலில் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கோரை நிர்வகிக்கும் அந்நாட்டின் அப்சரா ஆணையமும் இணைந்து நடத்திய சீரமைப்புப் பணியில், விழுந்து கிடந்த கற்களைப் பதிவு செய்யும் குழுவில் சில காலம் வேலை செய்தேன். அதற்கு முன் தமிழ்நாட்டில் திருப்பணிகளைப் பார்த்திருந்ததால், கல்லுக்கு எண் போடுவது எனக்குப் பழகிய வேலை என்றே எண்ணியிருந்தேன். நம் ஊரில் சரிந்து வரும் மண்டபத்தைப் பிரிக்கும்போது, கற்கள் இன்னும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. கீழிருந்து எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது கல் என்று வண்ணத்தால் எழுதிக்கொண்டு கீழே இறக்கி, அடித்தளத்தைச் சரிசெய்தபின் அதே வரிசையில் ஏற்றிவிடலாம். அந்த எண் வீட்டு முகவரியைப் போன்றது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்ட கல்லுக்கு நாம் போடும் எண்ணோ, அதை மற்ற கற்களிலிருந்து பிரித்துக் காட்டும் வெறும் பெயர்தான்.

ஆகவே ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண்கள் தேவைப்பட்டன. இடிபாட்டுக் குவியலின் மேல் கயிற்றால் கட்டங்கள் வகுத்து, எந்தக் கட்டத்தில், எந்த அடுக்கில், எந்தப் பக்கம் பார்த்தவாறு கிடக்கிறது என்று வரைந்து, படம் எடுத்து, அதன் பிறகே கல்லை அசைப்போம். இதில் கிடைப்பது தற்காலிக எண். கல்லை நகர்த்திவிட்டால் அது விழுந்த விதத்திற்கான சாட்சியம் போய்விடும் என்பதால் இந்தப் படியில் அவசரப்பட இடமில்லை. கூரைக் கல்லும் சுவர்க் கல்லும் குவியலில் ஒரே மாதிரி கலந்து கிடப்பதில்லை; மேலே இருந்தது எந்தப் பக்கம் சாய்ந்து எதன் மேல் விழுந்தது என்பதைக் குவியலே ஓரளவு சொல்லும். எண்ணை இணைப்பில் மறைந்துவிடும் பக்கத்தில் எழுதுவோம்; மணற்கல் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும், செதுக்கிய முகத்தில் எழுதினால் பின்னர் முழுமையாக அகற்றுவது கடினம். கல்லின் இடம் உறுதியான பின்னரே வரிசையையும் இடத்தையும் குறிக்கும் இரண்டாவது எண் பதிவேட்டில் ஏறும். முதல் எண்ணை அழிக்கமாட்டோம்.

இடத்தை உறுதி செய்வது எப்படி? இக்கோயில்களைக் கட்டிய கெமர் சிற்பிகள் சுண்ணம் இல்லாமல், ஒரு கல்லை மற்றொன்றின் மேல் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார்கள். அதனால் இணைப்புப் பக்கங்கள் நேராக இருப்பதில்லை. சில சாய்ந்திருக்கும், சில படிபோல் வெட்டப்பட்டிருக்கும், ஒவ்வொரு கல்லும் தன் அண்டைக் கல்லோடு மட்டுமே சரியாகச் சேரும். சிற்ப அலங்காரத்தின் தொடர்ச்சி, உலோகப் பிடிப்புகளுக்காக வெட்டிய குழிகள், மழைநீர் ஓடிய கறை ஆகியவையும் உதவும். ஆனால் அலங்காரத்தை மட்டும் நம்புவது ஆபத்து. ஒரே தாமரை இதழ் வரிசை சுவர் நெடுகத் திரும்பத் திரும்ப வருவதால், சுவரின் மேல் விளிம்பில் வெளியே நீளும் ஒரு கபோதக் கல்லுக்கு இரண்டு இடங்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த சம்பவம் எங்களுக்கு நேர்ந்தது. இரண்டு இடத்திலும் இதழ்கள் ஒன்றின. முதல் இடத்தில் பிடிப்புக் குழி அண்டைக் கல்லின் குழியோடு ஏறத்தாழ நேராக வந்தது. ஆனால் கல்லை இறக்கியதும் ஒரு மூலையில் மெல்லிய தகடு நுழையும் அளவு இடைவெளி இருந்தது. இரண்டாவது இடத்தில் தகடு நுழையவே இல்லை. ஒரு கன மீட்டர் மணற்கல் இரண்டு டன்னுக்கு மேல் எடை கொண்டது. சிறிய கல்லே சில நூறு கிலோ வரும். எனவே இத்தகைய சோதனைகளை உயரத்தில் செய்யாமல், தரையில் சமமான மேடை அமைத்து ஒரு வரிசை முழுவதையும் உலர்நிலையில் அடுக்கிப் பார்த்தபின்தான் மேலே ஏற்றுவது வழக்கம்.

தவறு உடனே தெரிவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் தொல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மில்லிமீட்டர் கூடினால் பத்தாவது இணைப்பில் இரண்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது மூலைக் கல் தன் இடத்தில் அமராது. அமரவில்லை என்றால் கல் தவறா, அல்லது அடித்தளம் ஒரு பக்கம் தாழ்ந்து சரியான கற்களையே பொருந்தாமல் செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மட்டம் பார்க்காமல் கல்லின் மீது பழி போட்டு, பொருந்துவதற்காக அதன் ஓரத்தைச் செதுக்கிவிட்டால் அந்தச் சான்று நிரந்தரமாக அழிந்துவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பாடம் அதே அங்கோரில் உள்ள பாபுவான் கோயிலில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் இரண்டாம் உதயாதித்யவர்மன் எழுப்பிய இந்தப் படிப்பிரமிடின் உட்புறம் மணலால் நிரப்பப்பட்டது. மழைநீர் இறங்கி மணல் கனத்துச் சுவர்களைத் தள்ளியதால், ஒட்டுப்போட்டுக் காக்க முடியாது என்று முடிவு செய்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், பெர்னார் பிலிப் குரோலியேயின் தலைமையில் 1960இல் கோயிலைப் பிரித்து, உள்ளே கான்கிரீட் தாங்குசுவர் கட்டி, பழைய கற்களை அதன் மேல் அடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 3 லட்சம் கற்கள் சுற்றியுள்ள காட்டில் பரப்பி வைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரால் வேலை நின்றது. 1975இல் கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்த காலத்தில் நோம்பென்னில் இருந்த பதிவேடுகள் அழிந்தன. முகவரியோடு இறக்கிய கற்கள் முகவரியற்றவை ஆயின. 1995இல் பாஸ்கல் ருவாயேயின் தலைமையில் வேலை மீண்டும் தொடங்கியபோது எஞ்சியிருந்த பழைய புகைப்படங்களும், கல்லை அளந்து அளந்து பழகிய கம்போடியத் தொழிலாளர்களின் கண்ணும்தான் பெரிய துணை. 2011இல் பணி முடிந்தது.

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. பிற்காலத்துப் பௌத்தர்கள் கோயிலின் மேற்பகுதிக் கற்களை எடுத்து, மேற்குப் பக்கத்தில் சுமார் 70 மீட்டர் நீளத்தில் சயன புத்தரை அமைத்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டு வடிவத்தை முழுமையாக மீட்க வேண்டுமானால் புத்தரைக் கலைக்க வேண்டும். கலைக்காமல் விட்டார்கள், அது சரி என்றே நானும் நினைக்கிறேன், கட்டடத்திற்கு ஒரே ஒரு உண்மையான காலம் உண்டு என்ற நம்பிக்கையே சீரமைப்பில் அதிகக் கேட்டை விளைவித்திருக்கிறது.

தா புரோமில் வாதம் வேறு விதமாக எழுந்தது. மரங்கள் கவ்விய நிலையிலேயே அதைப் பெரிதும் விட்டுவைப்பது என்று முன்பு பிரெஞ்சுக்காரர்கள் தீர்மானித்திருந்தார்கள். அந்தக் காட்சியைத் தேடித்தான் மக்களும் வருகிறார்கள். நடன மண்டபத்தை எழுப்பியபோது, இடிபாட்டின் அழகு கெடுகிறது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கவலையை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் சும்மா விடுவதும் ஒரு தலையீடுதான். சுவரைப் பிடித்து நிறுத்தும் வேரே அதைப் பிளக்கவும் செய்கிறது, மரம் பட்டுப்போய் விழுந்தால் சுவரும் கூடவே போகும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான 1964ஆம் ஆண்டின் சர்வதேச வெனிஸ் சாசனம் சிதறிக் கிடக்கும் அசல் பகுதிகளைச் சேர்ப்பதை மட்டுமே அனுமதிக்கிறது, இட்டு நிரப்பும் பொருள் அடையாளம் தெரிய வேண்டும் என்கிறது. எத்தனை கல் கிடைத்தால் எழுப்பலாம் என்று அது கூறவில்லை. என் கணக்கு எளிது: மேலே உள்ள அசல் கல்லைத் தாங்குவதற்குத் தேவையென்றால் புதிய கல் வைக்கலாம், அதில் உருவக்கோடு மட்டும் போதும், இதழ்களைச் செதுக்க வேண்டாம். தாங்க எதுவும் இல்லாத இடத்தில், வடிவத்தை நிறைவு செய்வதற்காக மட்டும் புதிய கல் வேண்டாம். சக பொறியாளர் ஒருவர் இதை ஏற்கவில்லை. பார்ப்பவருக்கு மண்டபம் மண்டபமாகத் தெரிய வேண்டும் என்பார்.

இடம் கிடைக்காத கற்கள் எப்போதும் மிஞ்சும். அவற்றைத் தரை ஈரம் ஏறாதபடி கட்டைகளின் மேல், எண் வெளியே தெரியுமாறு, வகை வகையாக அடுக்குவோம். பதிவேட்டின் பிரதி ஒன்று களத்திற்கு வெளியே வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு, பாபுவானை விட வலுவான காரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.