அதிரசத்துக்கு அடியில் இருந்த காசு

"கோபமாங்க சார்?" என்று எங்கள் கம்பெனிக்கு காஸ்டிங் அனுப்பும் ஃபவுண்டரிக்காரர் போன தீபாவளிக்குக் கேட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. அதுவரை என்னைத் தம்பி என்றே கூப்பிட்டவர். அவர் கொண்டுவந்த டப்பாவை மேஜையின் மறுபக்கம் நகர்த்திய பிறகுதான் சார் ஆனேன்.

ஸ்டீல் டப்பாவில் வீட்டில் சுட்ட அதிரசம். அடியில் பட்டர் பேப்பரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் 20 கிராம் வெள்ளிக் காசு. சப்ளையர் தரும் பரிசுக்கு எங்கள் கம்பெனி விதி தெளிவானது: நாட்காட்டியும் டைரியும் வாங்கலாம், தின்பண்டம் வந்தால் ரிசப்ஷனில் வைத்து எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும், பணம், தங்கம், வெள்ளி எந்த அளவிலும் கூடாது. அப்படிப் பார்த்தால் காசை மட்டும் திருப்பிக் கொடுத்து அதிரசத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் டப்பாவோடு திருப்பினேன். காசை மட்டும் உருவிக் கொடுத்தால் அவருடைய கை நடுங்குவதை நானும் பார்க்க வேண்டியிருக்கும் என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், அவர் வீட்டம்மா சுட்டதையும் காசோடு சேர்த்துக் குற்றமாக்கிவிட்டேனோ என்றிருக்கிறது.

ஆனால் அந்த வாரம் மேஜையில் என்ன கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஃபவுண்டரி அனுப்பிய 400 பம்ப் பாடி காஸ்டிங்கில் 38 ரிஜெக்ட். எல்லாம் புளோ ஹோல். அச்சு மணலிலோ, உள்ளே குழிவு விழ வைக்கும் கோரிலோ ஈரம் மிஞ்சினால், ஊற்றும்போது ஆவி வெளியேற வழியில்லாமல் தோலுக்கு அடியில் குமிழாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது; லேத்தில் ஒரு கட் போன பிறகுதான் ஓட்டை வாயைத் திறக்கும். அதற்குள் ஒரு பீஸுக்கு 140 ரூபாய் மெஷினிங் செலவாகிவிடும். காஸ்டிங் விலையை அவர் கணக்கில் கழிக்க டெபிட் நோட் போடுவதில் பேச்சே இல்லை. மெஷினிங் செலவான 5,320 ரூபாயையும் அவர் தலையில் கட்டுவதா வேண்டாமா என்பது மட்டும் என் கையெழுத்தில் இருந்தது. விதி காவல் காப்பது இந்த மாதிரி இடத்தைத்தான். ரேட்டும் எடையும் முடிவு செய்கிற விஷயத்துக்கு யாரும் அதிரசம் சுட்டு வருவதில்லை. அந்தக் காசை வாங்கிக்கொண்டு மெஷினிங்கை விட்டுக்கொடுத்திருந்தாலும் தப்பு, விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவர் மனதில் வேறு கணக்கு.

திருப்பியது சரி. சொன்ன விதம்தான் சரியில்லை. "இப்ப வேண்டாங்க" என்று ஆரம்பித்தேன். 'இப்ப' என்ற சொல்லுக்கு வெண்டர் காதில் 'அப்புறம் வீட்டுக்கு அனுப்புங்க' என்று அர்த்தம். அவர் உடனே என் வீட்டு முகவரி கேட்டார். அடுத்து, "கம்பெனியில ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். பழியை மேலே தள்ளினால், தனிப்பட்ட முறையில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றாகிவிடுகிறது. முதலில் ஆர்டரைப் பேசியிருக்க வேண்டும்: "அடுத்த மாச ஷெட்யூல்ல மாத்தம் இல்லீங்க, ரிஜெக்‌ஷன் தனி, இது தனி. காசை எந்த சப்ளையர்கிட்டயும் நான் வாங்கறதில்ல. பலகாரத்தை ரிசப்ஷன்ல வெச்சுடறேன், எல்லாரும் சாப்பிடட்டும்." நம் ஊரில் பலகாரத்தை மறுத்தால் உறவை மறுத்த மாதிரி, ஆர்டர் போய்விட்டதோ என்றுதான் அவருக்கு அடிவயிறு கலங்கும். கோபமா என்று கேட்டதற்கு வேறு காரணம் இல்லை.

மிச்சமெல்லாம் காகித வேலை: அன்றைக்கே கிஃப்ட் ரெஜிஸ்டரில் பொருள், கொண்டுவந்தவர், திருப்பிய நேரம், மேனேஜருக்கு இரண்டு வரி மெயில், சாட்சிக்கு ஸ்டோர்ஸ்காரர் கையெழுத்து. கொரியரில் வீட்டுக்கே வந்துவிட்டால் பிரிக்காமல் படம் எடுத்து, கம்பெனி லெட்டரோடு திருப்பி அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் எழுந்து போகும்போது, "அந்த ஆகஸ்ட் பில்லு மட்டும் கொஞ்சம் பாருங்க சார்" என்றார். பார்த்தேன். சரக்கை ஏற்று 71 நாள் ஆகியிருந்தது. அவருடையது உத்யம் பதிவு உள்ள சிறு தொழில். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பணம் கொடுக்க 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூட்டு வட்டி. எங்கள் அக்கவுண்ட்ஸ் வட்டி கொடுத்ததாக எனக்கு நினைவில்லை, அவரும் கேட்டதில்லை. 20 கிராம் வெள்ளிக்கு ரெஜிஸ்டர் இருக்கிறது, அந்த 26 நாளுக்கு இல்லை. காசு மெஷினிங்குக்காக வந்ததா, பில்லுக்காக வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மெஷினிங்கில் பாதியை டெபிட் செய்தேன். முழுசாகப் போடாதது இரக்கமா, ஈடுகட்டலா என்று பிரிக்க முடியவில்லை.

இந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே எல்லா வெண்டருக்கும் பரிசு வேண்டாம் என்று லெட்டர் போட்டோம். வரைவில் கடைசி வரியாக, 'உங்கள் பில் 45 நாளைத் தாண்டினால் என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதியிருந்தேன். "கிஃப்ட் லெட்டர்ல பேமென்ட் எதுக்குப்பா?" என்று மேனேஜர் அதை மட்டும் அடித்துவிட்டார்.