வீட்டு ஓவனில் சிக்கன் டிக்கா: மேல் கம்பி சிவந்தால்தான் கருகல் விழும்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது சாதாரண ஓடிஜி. டயலில் அதிகபட்சம் 250 டிகிரி, மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, உள்ளே ஒரு காற்றாடி. தந்தூர் அடுப்பு 400 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் கறியின் வெளிப்புறம் கருகும்போது உள்ளே அப்போதுதான் வெந்து முடியும். நம் ஓவனில் அப்படி நடக்காது, வெளியே கருகுவதற்குக் காத்திருந்தால் உள்ளே வறண்டு பஞ்சு மாதிரி ஆகிவிடும். சில மாதமாக விடாமல் செய்து பார்த்ததில் இதற்கு ஒரு வழி பிடிபட்டிருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் கறி. நம்ம ஊரில் விருந்து என்றாலே நாட்டுக்கோழிதான், ஆனால் டிக்காவுக்கு அது வேண்டாம். அது நின்று வேக வேண்டிய கறி, இதில் மொத்த நேரமே கால் மணிதான். பிராய்லரில் தொடைக்கறி வாங்குங்கள். கடையில் "அண்ணாச்சி, தொடையில எலும்பு எடுத்து, தோலில்லாம அரைக் கிலோ போடுங்க" என்றால் எடுத்துக் கொடுப்பார். துண்டு போடுவதை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் குழம்புக்குப் போடுகிற அளவில்தான் வெட்டுவார்கள். டிக்காவுக்கு ஒவ்வொரு துண்டும் நாலு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் மேலே நிறம் பிடிப்பதற்குள் உள்ளே தண்ணீர் வற்றிவிடும்.

மசாலாவை இரண்டு தடவையாகப் போடுகிறேன். முதலில் ஒன்றேகால் டீஸ்பூன் தூள் உப்பு, இஞ்சி பூண்டு விழுது ஒரு பெரிய ஸ்பூன், பாதி எலுமிச்சம்பழச் சாறு, காஷ்மீரி மிளகாய்த்தூள். இதைப் பிசறி அரைமணி நேரம் வைத்தால் கறி கொஞ்சம் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, துண்டுகளைத் துணியில் லேசாக ஒற்றி எடுத்துவிட வேண்டும். உப்பு அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும், வேகும்போது ஈரத்தைப் பிடித்து வைப்பது அதுதான். சாற்றின் அளவைக் கூட்டாதீர்கள், புளிப்பு கூடினால் மேல்புறம் மாவு மாதிரி குழைந்துவிடும்.

அடுத்தது தயிர். கருகல் வருவதும் வராததும் பாதி இதில்தான் இருக்கிறது. கால் லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்துக்கு மேலே நாலு மணி நேரம் தொங்கவிட்டால் பாதி தண்ணீராக இறங்கிவிடும். மிச்சம் வெண்ணெய் மாதிரி நிற்கும். ஈரம் இருக்கிற வரை கறியின் மேல்புறம் 100 டிகிரியைத் தாண்டாது, நிறம் பிடிக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். தண்ணீர்த் தயிரைப் பூசினால் ஓவனில் பாதி நேரம் அந்தத் தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடும், அதற்குள் கறி வெந்து முடிந்திருக்கும். இந்தக் கெட்டித் தயிரோடு வறுத்த கடலை மாவு ஒரு பெரிய ஸ்பூன், சீரகத்தூள், கரம் மசாலா, கையில் கசக்கிய கசூரி மேத்தி, இரண்டு ஸ்பூன் எண்ணெய். வடக்கே கடுகு எண்ணெய்தான் ஊற்றுவார்கள், எங்கள் வீட்டில் அந்த வாடை யாருக்கும் ஒத்துவரவில்லை, செக்குக் கடலை எண்ணெய் ஊற்றுகிறேன், ஒரு குறையும் இல்லை. பூசி ஆறு மணி நேரம் ஃபிரிட்ஜில்.

துண்டுகளைக் கம்பியில் கோத்து, கம்பியின் இரண்டு முனையும் தட்டின் விளிம்பில் உட்காரும்படி குறுக்கே வைக்க வேண்டும். கறி தட்டைத் தொடக்கூடாது. தொட்டால் அது விடுகிற சாற்றிலேயே அவிந்துவிடும். துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி. பட்டையான இரும்புக் கம்பி நல்லது, உருண்டைக் கம்பியில் திருப்பும்போது கறி சுற்றிக்கொண்டு நிற்கும். கீழ்த் தட்டில் ஃபாயில் விரித்தால் போதும். புகை வருகிறதே என்று அதில் தண்ணீர் ஊற்றினால் ஆவி கிளம்பி மேல்புறத்தை மறுபடி ஈரமாக்கிவிடும்.

இனி சூடு. ஓவன் 250 டிகிரியை எட்டியதும் தெர்மோஸ்டாட் கம்பியை அணைத்துவிடும். உள்ளே காற்று சூடாகத்தான் இருக்கும், ஆனால் கறியைக் கருக்குவது அந்தக் காற்று இல்லை, சிவந்த கம்பியிலிருந்து நேராக இறங்குகிற அனல். கம்பி கறுத்துக் கிடக்கும்போது மேல் தட்டில் வைத்து ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் முதல் கட்டத்தை 220 டிகிரியில் வைத்துக்கொள்கிறேன். மேல் கீழ் இரண்டு கம்பியும் காற்றாடியும் போட்டு, பதினைந்து நிமிஷம் சூடாக்கி, நடுத்தட்டில் எட்டு நிமிஷம். காற்றாடி மேல்புறத்தை உலர்த்திவிடும். அப்போது வெளியே எடுத்தால் மசாலா ஒட்டிப்போய், ஈரப் பளபளப்பு இல்லாமல் மங்கலாகத் தெரியும். அதுதான் அடையாளம். இன்னும் பளபளவென்று இருந்தால் மேலும் இரண்டு நிமிஷம் விடுங்கள்.

பிறகு உருக்கிய வெண்ணெயைத் தடவி, டயலை 250க்குத் திருப்பி, மேல் கம்பி மட்டும் எரியும்படி மாற்றிவிட வேண்டும். 220இல் இருந்து ஏற வேண்டியிருப்பதாலும் கதவைத் திறந்ததில் சூடு இறங்கியதாலும் கம்பி உடனே சிவக்கும். நன்றாகச் சிவந்த பிறகு தட்டை மேல் வரிசையில் ஏற்றுகிறேன். கறிக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. மூன்று நிமிஷம், திருப்பி இன்னும் மூன்று நிமிஷம். அந்தப் பக்கத்திலிருந்து நகரக்கூடாது, முதலில் கடலை மாவு ஒட்டிய மேடுகளில் பழுப்பு ஏறும், பிறகு ஓரத்தில் வெண்ணெய் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரியும், அடுத்த அரை நிமிஷத்தில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பிக்கும். நடுவில் கம்பி அணைந்தால் கதவைப் பத்து விநாடி திறந்து மூடுங்கள், மறுபடி பிடித்துக்கொள்ளும். திறந்தே வைத்துவிடாதீர்கள், முன்பக்கத்து பிளாஸ்டிக் குமிழ்கள் சூட்டில் கெட்டுவிடும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் கரண்ட் இறங்கும். 230 வோல்ட் 200க்கு வந்தால் கம்பியின் சூடு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் சூடு அதன் வர்க்கத்தில் இறங்குகிறது. கம்பி ஆரஞ்சு நிறத்துக்குப் போகாமல் மங்கிய சிவப்பிலேயே நிற்கும். அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே சுட்டு முடித்துவிடுகிறேன், அதே நேரக்கணக்கு அப்போதுதான் சரியாக வருகிறது.

போன வாரம் மைனி வீட்டார் வந்திருந்தபோது செய்ததில், மேலிருந்து எடுத்ததும் பெரிய துண்டின் நடுவில் தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன், 79 டிகிரி. தொடைக்கறிக்கு இதுதான் நல்ல இடம். 74இலேயே வெந்துவிடும் என்றாலும் அதில் ஜவ்வு இன்னும் இளகியிருக்காது, கடிக்கும்போது இழுக்கும். ஐந்து நிமிஷம் ஆறவிட்டு ஒன்றைப் பிய்த்தால் நார் நாராகப் பிரிந்து, நடுவில் ஈரம் மினுங்கியது. "எண்ணெயில பொரிச்சியாப்பா?" என்று மைனி இரண்டு தடவை கேட்டார்கள்.

கரி வாசனைக்குச் சிரட்டைக் கரி ஒரு துண்டு போதும். கேஸ் அடுப்பில் கனல வைத்து, கறி இருக்கிற பாத்திரத்தின் நடுவில் சின்ன சில்வர் கிண்ணத்தில் போட்டு, அரை ஸ்பூன் நெய் விட்டு மூடினால் இரண்டு நிமிஷத்தில் ஏறிவிடும். அதற்கு மேல் விட்டால் கசப்பு தட்டும்.

நெஞ்சுக்கறியில்தான் செய்ய வேண்டும் என்றால் முதல் கட்டத்தை ஐந்து நிமிஷமாகக் குறைத்து, துண்டை ஐந்து சென்டிமீட்டராகப் போட்டு, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடேயே ஓவனில் வையுங்கள். உள்ளே சூடு ஏற நேரமாகும், அந்த நேரத்தில் மேல்புறம் நிறம் பிடித்துவிடும். 71 டிகிரியில் எடுத்துவிட்டால் ஆறும்போதே 74க்கு ஏறிக்கொள்ளும். இதில் கருகல் தொடைக்கறி அளவுக்கு வராது, அதற்காக இன்னும் இரண்டு நிமிஷம் கூட்டினால் ஈரம் போய்விடுகிறது, எனவே பழுப்பு நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.