எச்சரிக்கைக் கடிதத்தில் ஒரு பத்தியைத் திருத்தி எடுத்த கதை

அறிக்கைகளைத் தாமதமாகத் தந்துவந்த ஓர் ஊழியருக்கு அனுப்ப மேலாளர் எழுதிக் கொடுத்தது இது: "உங்கள் வேலை படுமோசம். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. செப்டம்பர் 30-க்குள் திருந்தாவிட்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவோம்."

இதை அப்படியே அனுப்ப முடியாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். வம்பு அதற்குப் பிறகுதான். மனிதவளப் பிரிவிலிருந்து திருத்தி வந்தது: "உங்கள் செயல்பாட்டில் மேம்பாட்டுக்கு இடமுள்ளது. வரும் வாரங்களில் கவனம் செலுத்துவீர்கள் என நம்புகிறோம். தவறினால் உரிய நடவடிக்கை பரிசீலிக்கப்படலாம்."

படிக்க இதமாகத்தான் இருந்தது. தேதி எங்கே? வேலை போகும் என்பது எங்கே? இதை வாங்குகிறவர் பாராட்டுக் கடிதம் என்றுகூட நினைத்துக்கொள்வார். கேட்டால், "முடிவை முன்கூட்டியே எழுதக் கூடாது" என்றார்கள். அதில் நியாயம் உண்டு. மதிப்பீடு நடக்கும் முன்பே பணிநீக்கம் உறுதி என்று எழுதினால், பிறகு அந்த மதிப்பீடே கண்துடைப்பாகிவிடும்.

வழி அதற்குள்ளேயே இருந்தது. முடிவு நிச்சயமில்லை, ஆனால் நடவடிக்கை தொடங்குவது நிச்சயம். ஆகவே அதை நிச்சயமாகவே எழுதலாம். கடைசியில் போனது இது:

"ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தர வேண்டிய 9 வாராந்திர அறிக்கைகளில் 5 தாமதமாக வந்தன. செப்டம்பர் முழுவதும் ஒவ்வொரு அறிக்கையும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் வந்துசேர வேண்டும். தரவு கிடைப்பதில் சிக்கல் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள், நான் ஏற்பாடு செய்கிறேன். செப்டம்பர் 30 அன்று மதிப்பிடுவோம். ஒரு அறிக்கை தாமதமாகியிருந்தாலும் பணிநீக்க நடவடிக்கை தொடங்கும். இந்தக் கெடு நீட்டிக்கப்படாது."

மேலாளருக்குத் திருப்தியில்லை. "ரொம்பப் பூசி மெழுகிட்டீங்க" என்றார். உண்மையில் அவர் எழுதியதைவிட இதுதான் கறார். "திருந்து" என்றால் எவ்வளவு, யார் அளப்பது? அதை வைத்து வருடக்கணக்கில் வாதாடலாம். நான் எடுத்தது வசவை மட்டும். அந்த இடத்தில் எண்ணும் உதவியும் வந்தன. மென்மை அவ்வளவுதான். கெடு, விளைவு இரண்டின் பக்கமும் அது போகவே கூடாது.

இன்னொன்று: "உங்கள் பல வருட உழைப்பை மதிக்கிறோம்" என்ற வரியைக் கெடுவுக்குப் பக்கத்தில் செருகப் பார்த்தார்கள். அங்கே செருக விடாதீர்கள். படிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். வேண்டுமென்றால் கடிதத்தின் தொடக்கத்தில் போகட்டும்.

அனுப்பும் முன் விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "எந்தத் தேதி, என்ன செய்யணும், இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். மனிதவளப் பிரிவின் பத்தியைப் படித்த பக்கத்து அணித் தோழி மூன்றுக்கும் விழித்தார். கடைசியில் போன பத்தியைப் படித்த பிறகு மூன்றையும் பார்க்காமலே சொன்னார்.

கடிதம் வாங்கியவர் கோபப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கிழமை விடுமுறையா இருந்தா வியாழக்கிழமையே அனுப்பணுமா?"

அந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் ஒரு வரியாகச் சேர்த்து மறுபடி அனுப்பினோம்.