வாரத்தின் முப்பது மணி நேரமும் பேருந்தின் எட்டு மணி நேரமும்

கடந்த ஏழு நாட்களுக்கான ஹெட்போன் ஒலி வரம்பை எட்டிவிட்டேன் என்ற எச்சரிக்கை என் ஐபோனில் முதன்முறை தோன்றியபோது, அதைப் படித்தேன், விரலால் ஒதுக்கினேன், குறைந்திருந்த ஒலியளவை மீண்டும் ஏற்றிக்கொண்டேன். அடுத்த வாரமும் அதே எச்சரிக்கை வந்தது. அப்போதும் அப்படியே செய்தேன். மூன்றாவது வாரத்தில், மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் வலக் காதில் மெல்லிய இரைச்சல் நீடித்தது. அருகில் இருப்பவர் பேசுவது காதில் பஞ்சு அடைத்திருப்பது போலக் கேட்டது. தூங்கி எழுந்ததும் அது நீங்கிவிட்டாலும், மறுநாள் மாலையும் திரும்பி வந்ததால், செவித்திறன் பரிசோதனைக்குச் சென்றேன்.

என் செவிவரைபடம் இயல்பான எல்லைக்குள் இருந்தது. ஆயினும், அதிக ஒலியால் செவி பாதிக்கப்படும்போது முதலில் சரிவு தோன்றும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் காட்டி, அங்கே இப்போது பள்ளம் இல்லை என்றாலும், மாலைதோறும் காது மந்தமாவது உட்செவியின் நுண்ணிய செல்கள் களைத்துப்போவதன் அறிகுறி என்று நிபுணர் விளக்கினார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இயர்பட் அணிகிறேன் என்று குற்ற உணர்வோடு சொன்னேன். அதற்கு அவர், "எத்தனை மணி நேரம் என்பதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். எந்த அளவில் கேட்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்" என்றார்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற அளவை வகுத்திருக்கிறது. இதை எளிதில் கையாள ஒரு விதி போதும்: ஒலி 3 டெசிபல் ஏறினால் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகும், 3 டெசிபல் இறங்கினால் இரட்டிப்பாகும். அதன்படி 83 டெசிபலுக்கு 20 மணி நேரம், 86-க்கு 10 மணி நேரம், 89-க்கு 5 மணி நேரம் மட்டுமே. ஒலியளவுப் பட்டை 60 விழுக்காட்டில் இருந்தால் போதும் என்று பலர் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். ஆனால் அந்த விழுக்காடு இயர்பட்டுக்கு இயர்பட் வேறுபட்ட டெசிபலைத் தரும் என்பதால், அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

கைப்பேசியின் Health செயலியில் Headphone Audio Levels என்ற பகுதியை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். காலையிலும் மாலையிலும் ஐம்பது நிமிடப் பேருந்துப் பயணத்தின்போது மட்டும் அளவு 88 டெசிபலுக்கு அருகில் இருந்தது. அலுவலக நேரத்திலோ ஏறக்குறைய எதுவுமே பதிவாகவில்லை. நான் அதிகம் அஞ்சிய அந்த நேரம் ஏன் வெற்றிடமாக இருக்கிறது என்று தேடியபோதுதான், அந்தக் கணக்கில் தொலைபேசி அழைப்புகள் சேர்வதில்லை, அது இசை, காணொளி போன்றவற்றின் ஒலியை மட்டுமே எண்ணுகிறது என்று அறிந்தேன். என் கூட்டங்கள் பெரும்பாலும் மடிக்கணினியில் நடப்பவை. அவை கைப்பேசிக்குத் தெரியவே தெரியாது. நாள் முழுவதும் அழைப்பிலேயே இருப்பவர்கள், எச்சரிக்கை வரவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

விடுபட்ட அந்த நேரத்தை அளக்க ஒரு தோராயமான வழியைக் கையாண்டேன். பதிவு செய்த உரை ஒன்றைக் கைப்பேசியில் ஓடவிட்டு, Control Center-இல் உள்ள காது வடிவக் குறியைத் தொட்டு, அந்த நேரத்து டெசிபலைப் பார்த்தேன். பிறகு அதே இயர்பட்டை மடிக்கணினியுடன் இணைத்து, அதே உரையை வழக்கமாகக் கூட்டங்களில் வைக்கும் ஒலியளவில் கேட்டு, இரண்டும் காதுக்குச் சமமாகத் தோன்றும்வரை கைப்பேசியின் அளவை மாற்றினேன். 72 டெசிபலில் ஒத்துவந்தது. சில டெசிபல் பிழை இருக்கக்கூடும் என்றாலும், அடுத்த கணக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

72 டெசிபலில் ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 250 மணி நேரம் கேட்கலாம். வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். ஆகவே அலுவலகத்தின் 30 மணி நேரம் வரம்பில் வெறும் 12 விழுக்காட்டையே எடுத்துக்கொண்டது. மாறாக, 88 டெசிபலில் வாரத்துக்கு ஆறேகால் மணி நேரம்தான் அனுமதி. ஐந்து நாட்களின் பயணம் 8 மணி 20 நிமிடங்கள் என்பதால், அது மட்டுமே 130 விழுக்காட்டைத் தாண்டியது. இயர்பட் அணியும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க முடிவு செய்திருந்த நான், அந்தப் பாதியைத் தவறான இடத்தில் வெட்டியிருப்பேன்.

முதலில் அமைப்புகளில் Sounds & Haptics என்பதன் கீழுள்ள Headphone Safety பகுதிக்குச் சென்று, Reduce Loud Audio வசதியை இயக்கி, அதன் உச்ச எல்லையை 75 டெசிபலில் வைத்தேன். மறுநாள் பேருந்தில் பாடகரின் குரல் எஞ்சின் சத்தத்தில் மூழ்கியது. பட்டையை எவ்வளவு ஏற்றியும் பயனில்லாததால், மூன்றாவது நிறுத்தத்துக்குள் எல்லையை நீக்கிவிட்டேன். நான் ஒலியை ஏற்றியது விருப்பத்தால் அன்று, வெளிச்சத்தத்தை வெல்வதற்காகத்தான் என்பது அப்போது விளங்கியது. அந்தச் சத்தத்தைக் குறைக்காமல் எல்லை வைப்பது நிலைக்காது. இயர்பட்டின் சிலிகான் முனைகளை மாற்றிப் பார்த்தபோது, வலக் காதுக்கு ஓர் அளவு பெரிய முனையே இடைவெளியின்றிப் பொருந்தியது. எஞ்சின் உறுமல் போலத் தாழ்ந்து, ஒரே சீராக ஒலிக்கும் சத்தத்தை இரைச்சல் நீக்கும் வசதி மிக நன்றாகக் குறைக்கும். ஆனால் முனை தளர்ந்திருந்தால் அதன் பயன் பெருமளவு போய்விடும். இரண்டும் சேர்ந்தபோது பேருந்தில் 78 டெசிபலே போதுமானதாக இருந்தது. (இறங்குமுன் அந்த வசதியை அணைத்துவிடுகிறேன், சாலையைக் கடக்கும்போது வாகனங்களின் ஒலி கேட்டாக வேண்டும்.) அதன் பிறகு எல்லையை 80-இல் வைத்தேன். இன்றுவரை அதை மாற்றத் தோன்றவில்லை.

இடையில் ஒரு தவறு நேர்ந்தது. வார இறுதியில் வேறொரு பழைய இயர்பட்டைப் பயன்படுத்தியபோது, இசை ஒலித்தும் காது வடிவக் குறியில் எந்த அளவும் தெரியவில்லை. Bluetooth பட்டியலில் அதன் Device Type ஒலிபெருக்கி என்று குறிக்கப்பட்டிருந்தது; அதை Headphone என்று மாற்றியதும் கணக்கு தொடங்கியது. இப்படி மாற்றினாலும், பிற நிறுவனங்களின் இயர்பட்டுகளுக்கு வரும் எண், ஒலியளவை வைத்துச் செய்யப்படும் மதிப்பீடே என்பதால், எச்சரிக்கை வரும்வரை காத்திருக்காமல் சில டெசிபல் குறைத்தே வைக்கிறேன். ஆண்ட்ராய்டு 14 முதல் சில கைப்பேசிகளிலும் இத்தகைய ஏழு நாள் கணக்கு உண்டு. ஒலியளவுப் பட்டை ஓர் எல்லையைத் தாண்டும்போது, இதற்கு மேலும் ஏற்றலாமா என்று தோன்றும் பழைய வினாவை அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்று ஏற்கெனவே எத்தனை மணி நேரம் கேட்டோம் என்பதை வைத்து எழுவதன்று அது.

மாற்றத்துக்குப் பிந்தைய வாரங்களில் பயணத்தின் பங்கு 13 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. அலுவலகத்தின் 12 விழுக்காட்டைச் சேர்த்தாலும் மொத்தம் வரம்பின் கால் பங்குதான். அணியும் மணி நேரமோ சற்றும் குறையவில்லை. எனினும், அலறும் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கழிக்கும் ஒரு மாலை இந்தக் கணக்கில் சேராது. காதோ அதையும் சேர்த்தே தாங்குகிறது. அத்தகைய நாளுக்கு மறுநாள் பேருந்தில் இயர்பட்டை அணிவதில்லை. மாலை இரைச்சல் இரண்டாவது வாரத்தில் நின்றது. ஆறு மாதம் கழித்துச் செய்யவிருக்கும் மறுபரிசோதனைக்கு முந்தைய பதினாறு மணி நேரமாவது உரத்த ஒலி எதையும் கேட்காமல் வரும்படி நிபுணர் சொல்லியிருக்கிறார்.