‘ஷீதல் மலம்’ தமிழ் உறைக்கு வந்தபோது

மகாராஷ்டிரத்தில் நன்றாக விற்கும் ஓர் ஆயுர்வேதப் பூச்சு மருந்துக்குத் தமிழ் உறை எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. வேர்க்குரு, பூச்சிக்கடி, வெயிலால் வரும் தோல் எரிச்சல் ஆகியவற்றுக்குப் பூசுவது. மராத்தியில் அதன் பெயர் ‘ஷீதல் மலம்’. ஷீதல் என்றால் குளிர்ந்தது, மலம் என்றால் பூசும் மருந்து. இரண்டுமே அங்கே யாரும் பயன்படுத்தும் பொதுச் சொற்கள். கூடவே வந்த குறிப்பில், பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு மற்ற வாசகங்களை மட்டும் மொழிபெயர்க்கும்படி எழுதியிருந்தார்கள்.

இரண்டாம் சொல்லில் என்ன சிக்கல் என்பது தமிழ் படிப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மராத்தி பேசுபவருக்கு அதை விளங்கவைப்பது வேறு வேலை. ‘கொஞ்சம் கொச்சையாக ஒலிக்கும்’ என்று நாசூக்காகச் சொன்னால், பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில் வரும். அதனால் நான் கொச்சையைப் பற்றிப் பேசவில்லை, மருந்துக் கடையைப் பற்றிப் பேசினேன். தமிழில் மலம் என்பது வசவோ தெருப் பேச்சோ அல்ல. மருத்துவர்கள் எழுதுகிற மரியாதையான சொல். மலப் பரிசோதனை, மலச்சிக்கல், மலமிளக்கி என்று அது மருத்துவத்தின் உள்ளேயே இருக்கிறது. பூச்சு மருந்தின் உறையில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர் முகம் சுளிப்பதோடு நிற்கமாட்டார். இது வயிறு இளகக் கொடுக்கும் மருந்து என்று நினைக்கவும் இடமுண்டு. இந்த வாதம் உடனே எடுபட்டது. மருந்துக்காரர்கள் தவறான பயன்பாட்டுக்குத்தான் அஞ்சுவார்கள்.

அவர்கள் தரப்பில் மாற்று ஒன்று சொன்னார்கள். இந்தியில் இதே சொல் ‘மல்ஹம்’ என்று வழங்குகிறது. அரபியின் ‘மர்ஹம்’ என்பதிலிருந்து வந்தது. அதைப் போடலாமே என்றார்கள். ல் என்ற மெய்க்குப் பின்னால் வரும் ஹ தமிழ் நாவில் நிற்காது. உறையில் ‘மல்ஹம்’ என்று அச்சிட்டால் சிலர் ‘மல்கம்’ என்பார்கள், பலர் ஹ-வை விழுங்கிவிட்டுப் பழைய சொல்லுக்கே திரும்புவார்கள். அதோடு, இது பொருளின் வகையைச் சொல்லும் சொல்தானே தவிர வணிகப் பெயர் அல்ல. வகைப்பெயரை ஒலிபெயர்க்கக் கூடாது, மொழிபெயர்க்க வேண்டும். ஒரு பெயர் கைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது இந்தப் பிரிப்பைத்தான்: எது அடையாளம், எது வகை?

வகைக்குத் தமிழில் ‘களிம்பு’ இருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் பச்சைக்கும் அதே பெயர்தான் என்றாலும், மருந்து என்ற சூழலில் யாரும் குழம்புவதில்லை. ‘பாம்’ என்று ஆங்கிலத்தை எழுதினால் வெடிகுண்டுக்கும் அதே எழுத்து. ‘தைலம்’ என்றால் எண்ணெய் என்று ஆகிவிடும். களிம்பு என்று அன்றே முடிவாயிற்று.

உண்மையான வேலை ‘ஷீதல்’ என்ற முதற்சொல்லில் இருந்தது. அதை மாற்றத் தேவையில்லை என்று நிறுவனத்தார் உறுதியாக நம்பினார்கள். ஷீத்தல் என்று பெண்களுக்குப் பெயர் வைப்பதைத் தமிழ்ப் பத்திரிகைகளிலேயே படிக்கிறோமே என்றார்கள். படிக்கிறோம்தான். ஆளின் பெயர் காதில் விழும்போது நாம் அதற்குப் பொருள் தேடுவதில்லை. மருந்தின் பெயரில் தேடுகிறோம். அதுவும் அறியாத சொல்லாக இருந்தால், காது அதைத் துண்டாக்கி, தெரிந்த துண்டு எதுவோ அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெயரைத் தமிழில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது என்று கவனிக்க வேண்டும்.

‘ஷீதல்’ என்று ஒற்றைத் த போட்டால், இரண்டு உயிர்களுக்கு நடுவே வருவதால் அந்தத் த மென்மையாகிவிடும். மூலத்தின் அழுத்தம் போய்விடும். அழுத்தம் வேண்டுமென்றால் ‘ஷீத்தல்’ என்று இரட்டிக்க வேண்டும். இரட்டித்தால் ‘பார்த்தல், சேர்த்தல்’ போல ஏதோ ஒரு வினையின் பெயர் என்று தோன்றும். ஷ என்ற கிரந்த எழுத்தைக் கண் ஏற்றுக்கொண்டாலும் நாக்கு பல ஊர்களில் ச என்றுதான் சொல்லும். ஆக, கடையில் கேட்கப்போகிற பெயர் ‘சீத்தல்’ அல்லது ‘சீதல்’.

இப்போது அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்திலேயே கிடைக்கிறது. சொல்லை மட்டும் தேடிவிட்டு மூடக் கூடாது. அதே எழுத்தில் தொடங்கும் அண்டைச் சொற்களை முழுக்கப் படிக்க வேண்டும். ‘சீ’ என்றால் வெறுப்பைக் காட்டும் ஒலி. ‘சீ’ என்றால் சீழ் என்றும் பொருள். ‘சீதம்’ குளிர்ச்சிதான், ஆனால் மக்களுக்கு அது சீதபேதியாகத்தான் தெரியும். ‘சீதளம்’ என்று நீட்டினால் சளி பிடித்த உடம்பு. குளிர்ச்சி என்ற நல்ல பொருள் மராத்தியில் பளிச்சென்று நிற்கிறது. தமிழுக்கு வரும் வழியில் அதைச் சீழும் சளியும் பேதியும் சூழ்ந்துகொள்கின்றன. பூச்சு மருந்துக்கு இதைவிட மோசமான அக்கம்பக்கம் அமையாது.

இதோடும் சோதனை முடிவதில்லை. தமிழில் பெயர் தனியாக நிற்பது உறையின் முகப்பில் மட்டுமே. பயன்படுத்தும் முறையை எழுதத் தொடங்கியதும் வேற்றுமை உருபு ஒட்டும். ‘ஷீத்தலைப் பூசவும்’ என்று எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுப் படித்தால் ‘சீத்தலை’. பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் அடுத்து நினைவுக்கு வருபவர் சீத்தலைச் சாத்தனார்தான். பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டு தலை சீழ் பிடித்துப்போன புலவர் என்ற கதையும் கூடவே வரும். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று கொள்வோரும் உண்டு. ஆனால் ஊர் மறந்து சீழ்தான் மனத்தில் நிற்கிறது. புண்ணில் பூசும் மருந்துக்கு இந்தப் பெயர் ஆகாது என்று அந்த ஒரு வரியிலேயே எனக்கு முடிவாகிவிட்டது.

என் காதை மட்டும் நம்பி இதை எழுதி அனுப்ப முடியாது. தெரிந்த மருந்துக் கடைக்காரர் ஒருவருக்கு வெறும் பெயரைச் சீட்டில் எழுதிக் காட்டி, என்ன மருந்தாக இருக்கும் என்று கேட்டேன். “சளிக்கா சார்?” என்றார். மதுரையிலும் நாகர்கோவிலிலும் உள்ள நண்பர்களிடம் தொலைபேசியில் பெயரைச் சொல்லி, காதில் விழுந்ததை எழுதி அனுப்பச் சொன்னேன். சீதள், சீத்தல், சீதா என்று ஆளுக்கொன்றாக வந்தது. இந்தச் சோதனையில் விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. ‘இது கெட்ட பொருள் தருகிறதா’ என்று கேட்டால், கேட்டதற்காகவே ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொல்வார்கள்.

நிறுவனத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இதையெல்லாம் எழுதி, மிட்சுபிஷியின் பஜேரோ வண்டி ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் மான்டேரோ என்ற பெயரில் விற்கப்பட்டதையும் குறிப்பிட்டேன். அங்கே முதற்பெயர் வசவாக ஒலிக்கும். பெரிய நிறுவனங்களும் ஒரு மொழிக்காகப் பெயரை விட்டுக்கொடுத்திருக்கின்றன என்று தெரிந்தால் பேச்சு எளிதாகிறது.

மாற்றுப் பெயருக்கு அவர்கள் வைத்த நிபந்தனை, குளிர்ச்சி இருக்க வேண்டும், முடிந்தால் ஷீதலின் ஓசையும் இருக்க வேண்டும் என்பது. ‘குளிர்’ என்று நேராக வைத்தால் குளிர்காய்ச்சல் முன்னே வந்து நிற்கும். அதோடு, பொருளின் குணத்தை மட்டும் சொல்லும் சொல்லுக்கு 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடையாக இருக்கும். நிறுவனத்தின் விளம்பரக் குழு ‘தண்ணிலா’ என்று ஒன்றை அனுப்பியது. தாளில் அழகாக இருந்தது: தண் நிலா, குளிர்ந்த நிலவு. தொலைபேசியில் சொன்னதும் எதிர்முனையில் “தண்ணி இல்லாவா?” என்றார்கள். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊரில் அந்தப் பெயரோடு எதையும் விற்கவே முடியாது.

நான் பரிந்துரைத்தது ‘சாரல்’. குளிர்ச்சி என்று சொல்லாமலே குற்றாலத்தைக் கொண்டுவந்து தரும் சொல். இரண்டு அசை, முதலில் நெடில், ‘அல்’ என்ற முடிவு என்று ஷீதலின் ஓசையோடும் ஒத்துப்போகிறது. உருபு சேர்ந்தாலும் சாரலை, சாரலில் என்று சுத்தமாக நிற்கிறது. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் கூர்மையாகக் கேட்டார்: ‘சா’ என்று தொடங்குகிறதே, அது சாவைக் குறிக்காதா? நியாயமான கேள்வி. ஆனால் காது துண்டாக்குவது அறியாத சொல்லைத்தான். சாரல், சாவி, சாலை போன்றவற்றை யாரும் வெட்டிக் கேட்பதில்லை; அவை முழுதாகவே உள்ளே போகின்றன. கடைக்காரரிடம் மறுபடியும் சீட்டைக் காட்டினேன். “சோப்பா, பவுடரா?” என்றார். தோலுக்கானது என்று தானாகவே புரிந்துகொண்டார். எனக்கு அதுவே போதும்.

எதிர்பாராத இடைஞ்சல் மராத்தியிலிருந்து வந்தது. ஆங்கில எழுத்தில் SARAL என்று எழுதினால் அங்கே ‘எளிய’ என்று பொருள். அதனால் நெடிலைக் காட்ட SAARAL என்று எழுத முடிவு செய்தோம். வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் சொல்லாகத் தேடுவதோடு ஒலி ஒப்புமையிலும் தேடலாம். மருந்துகளுக்கான 5ஆம் வகுப்பில் இரண்டு எழுத்துக்கூட்டலையும் இட்டுத் தேடும்படி ஆலோசகரிடம் சொன்னேன். சொல்லாக மட்டும் தேடினால் ஒரு A கூடக் குறைய இருக்கிற பெயர் கண்ணில் படாமல் போகலாம். விண்ணப்பம் அவர் வேலை. தமிழ் எழுத்திலான குறியைப் பதிவு செய்யும்போது அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். அந்த வரியை என்னிடமே எழுதி வாங்கிக்கொண்டார். ‘காற்றில் அடித்துவரும் மழைத்தூவல்’ என்ற பொருளை மட்டும் கொடுத்தேன். மலைச்சரிவு என்ற இன்னொரு பொருளையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.

கடைசியாக உறையின் முகப்பில் ‘சாரல் களிம்பு’ பெரிய எழுத்தில் வந்தது. பழைய மராத்திப் பெயர், அதன் சொந்த எழுத்திலேயே, உற்பத்தியாளர் முகவரிக்கு மேலே சிறியதாக இருக்கிறது. அதைத் தமிழில் ஒலிபெயர்த்து எங்கும் போட வேண்டாம் என்று அச்சகத்துக்குப் போன குறிப்பில் தனி வரியாக எழுதிக் கொடுத்தேன்.